எட்டு டியூபுலரா, ஒரு லித்தியமா: மாமா வீட்டு சோலார் பேட்டரிக் கணக்கு

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. என் மாமா வீடு அந்தப் பக்கம்தான். ஊரில் ஒரு மின்கம்பம்கூட நேராக நிற்கவில்லை, கரண்ட் திரும்பி வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அந்த மூன்று வாரத்தை மாமாவால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. இந்த வருஷம் மாடியில் சோலார் போடலாம் என்று முடிவு செய்ததும் என்னிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, மூணு நாள் கரண்ட் இல்லாட்டியும் வீடு ஓடணும். அதுக்கு என்ன வேணுமோ பாத்துச் சொல்லு."

கையில் இரண்டு கொட்டேஷன் இருந்தது. முதல் கடைக்காரர் 200 ஏஎச் டியூபுலர் பேட்டரி எட்டு போடச் சொல்லியிருந்தார். இன்னொருவர் 51.2 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் பேட்டரி ஒன்றே ஒன்று எழுதியிருந்தார். இரண்டிலும் 5 கேவிஏ ஹைப்ரிட் இன்வெர்ட்டர், 540 வாட் பேனல் நான்கு. மாமாவின் மனசு எட்டு பேட்டரியின் பக்கம்தான் சாய்ந்தது. வரிசையாக எட்டு நிற்பதற்கும் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருப்பதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்?

முதல் கடைக்காரர் போட்ட கணக்கு கொட்டேஷனின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. இரண்டு மாத பில்லில் 342 யூனிட். அறுபதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 5.7. மூன்று நாளைக்கு 17 யூனிட். எட்டு பேட்டரி, ஒவ்வொன்றும் 12 வோல்ட், 200 ஏஎச், பெருக்கினால் 19,200 வாட்-அவர், அதாவது 19.2 யூனிட். பதினேழு வேண்டும், பத்தொன்பது இருக்கிறது, போதும். பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் அந்தத் தாளில் இரண்டு இடத்தில் பிசகு இருக்கிறது, இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. தேவையை அதிகமாகப் போட்டிருக்கிறார், பேட்டரியிலிருந்து கிடைப்பதையும் அதிகமாகப் போட்டிருக்கிறார்.

தேவையிலிருந்து தொடங்குகிறேன். பில்லில் உள்ள 5.7 யூனிட் என்பது கரண்ட் தாராளமாக இருக்கும் நாளின் செலவு. அதில் ஒரு குதிரைத்திறன் தண்ணி மோட்டார் இருக்கிறது, வாஷிங் மெஷின் இருக்கிறது, அயர்ன் பாக்ஸ் இருக்கிறது. கரண்ட் போன மூன்று நாளில் யாரும் துணி தேய்க்கப் போவதில்லை. எது ஓடியே ஆக வேண்டும் என்று மாமாவையும் அத்தையையும் உட்கார வைத்துக் கேட்டேன். ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், லைட், டிவி, மோடம், போன் சார்ஜ், காலையில் கால் மணி நேரம் மிக்ஸி. "ஃபிரிட்ஜ் நிக்கக் கூடாதுப்பா, இன்சுலின் இருக்கு" என்றார் அத்தை. மோட்டாரை வெயில் நேரத்தில் பேனல் ஓடும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று பட்டியலை விட்டு வெளியே எடுத்தோம்.

ஃபிரிட்ஜின் செலவை ஸ்டிக்கரை வைத்து ஊகிக்காமல், பிளக்கில் செருகும் சின்ன மீட்டரை மாட்டி இருபத்து நாலு மணி நேரம் விட்டேன். மறுநாள் அதே நேரத்தில் 0.95 யூனிட் காட்டியது. லைட் ஆறு, ஒவ்வொன்றும் 9 வாட், ஐந்து மணி நேரம்: 0.27. டிவி 0.24. மோடமும் போனும் 0.3. மிக்ஸி 0.15. எல்லாம் சேர்த்தும் இரண்டு யூனிட் வரவில்லை. மிச்சம் இருப்பது ஃபேன். இரவில் இரண்டு ஃபேன் ஒன்பது மணி நேரம், பகலில் ஒன்று எட்டு மணி நேரம், ஆக 26 மணி நேரம். மாமா வீட்டில் இருப்பது பழைய 75 வாட் ஃபேன்கள். அவை மட்டும் 1.95 யூனிட் சாப்பிடுகின்றன. அதே காற்றை பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் தரும், அப்போது 0.78 போதும். மூன்று ஃபேன் மாற்ற ஒன்பதாயிரம் ரூபாய். இதனால் தினமும் 1.17 யூனிட் மிச்சம். அந்த 1.17 யூனிட்டை பேட்டரியில் வைத்துக்கொள்ள எவ்வளவு செலவாகும் என்பது கீழே வரும் விலையைப் பார்த்தால் தெரியும். பேட்டரி வாங்கும் முன் ஃபேனை மாற்றுங்கள் என்று நான் யாரிடமும் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

ஆக, தேவை 2.7 யூனிட். ஆனால் பேட்டரியிலிருந்து போவது 2.7 மட்டும் இல்லை. டிசியை ஏசியாக மாற்றும்போது சுமார் பத்து சதவீதம் சூடாகப் போய்விடும், அதற்காக 3.0 என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல், யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு. இன்வெர்ட்டர் எந்த லோடும் இல்லாமல் சும்மா ஆனில் இருந்தாலே கரண்ட் குடிக்கும். 5 கேவிஏ இன்வெர்ட்டர் ஒன்றுக்கு 40 வாட் என்றால், இருபத்து நாலு மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒரு யூனிட். ஃபிரிட்ஜ் எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவு! பெரிய வீட்டில் இது தெரியாது, மாமா வீட்டு மாதிரி சின்னச் செலவில் கால் பங்கு அதுவே தின்றுவிடுகிறது. இன்வெர்ட்டர் கேட்லாக்கில் 'நோ லோட்' என்ற வரியைத் தேடிப் பார்த்து இந்த எண்ணை எடுங்கள். மாமா வீட்டுக்கு 3.0 யூனிட்டும் 1.0 யூனிட்டும் சேர்த்து, நாளுக்கு 4 யூனிட் என்று வைத்துக்கொண்டேன். மாற்றும் இழப்பில் சும்மா இருக்கும் செலவும் கொஞ்சம் கலந்திருக்கும், அதனால் இது சற்றே கூடுதலான எண்தான். பேட்டரி விஷயத்தில் அந்தப் பக்கம் பிசகினால் பாதகமில்லை.

இப்போது பேட்டரி பக்கம். அதன் மேல் எழுதியிருக்கும் அளவும் அதிலிருந்து எடுக்கக்கூடிய அளவும் ஒன்றல்ல. டியூபுலர் லெட்-ஆசிட் பேட்டரியை முழுக்க இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் கரையும், அதனால் பாதி வரை இறக்குவதுதான் வழக்கம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையை 80 முதல் 90 சதவீதம் வரை இறக்கலாம், நான் 85 என்று எடுத்துக்கொண்டேன். சூத்திரம் இவ்வளவுதான்:

```
பேட்டரி அளவு = ஒரு நாள் யூனிட் × நாட்கள் ÷ இறக்கக்கூடிய பங்கு
```

கடைக்காரரின் 19.2 யூனிட்டில் பாதி 9.6. அவரே போட்ட 5.7 யூனிட் செலவுக்கு, இழப்பும் சேர்த்தால் நாளுக்கு ஏழுக்கு மேல் போகும். மூன்று நாள் என்று சொன்னது ஒன்றரை நாளைக்குக்கூடத் தேறாது. நம் 4 யூனிட் கணக்கில் அதே எட்டு பேட்டரி இரண்டு நாளுக்கு மேல் தாங்கும்.

| தாங்க வேண்டிய நாள் | எடுக்க வேண்டிய யூனிட் | 200 ஏஎச் டியூபுலர் | 5.12 யூனிட் லித்தியம் |
|---|---|---|---|
| 1 | 4 | 4 | 1 |
| 2 | 8 | 8 | 2 |
| 3 | 12 | 12 | 3 |

48 வோல்ட் இன்வெர்ட்டர் என்பதால் டியூபுலரை நான்கு நான்காகத்தான் கூட்ட முடியும். மூன்று நாளுக்கு பத்து பேட்டரி போதும் என்று கணக்கு சொன்னாலும் பன்னிரண்டு வாங்க வேண்டும். ஒவ்வொன்றும் அறுபது கிலோவுக்கு மேல் கனக்கும்.

டியூபுலர் வாங்குபவர்கள் பேட்டரி மேல் 200 ஏஎச் என்பதற்குப் பக்கத்தில் C10 என்று இருக்கிறதா, C20 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து மணி நேரத்தில் காலி செய்தால் கிடைப்பது C10, இருபது மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைப்பது C20. லெட்-ஆசிட்டில் வேகமாக எடுத்தால் குறைவாகவே வரும். C20-இல் 200 என்று போட்டது C10 கணக்கில் 200 இருக்காது. சோலாருக்கு விற்பதில் C10 எண்தான் கேட்க வேண்டியது.

இன்னொன்று, பாதி வரைதான் இறக்குவேன் என்று தாளில் எழுதினால் மட்டும் பேட்டரிக்குத் தெரியாது. நிறைய இன்வெர்ட்டர்களில் லெட்-ஆசிட்டுக்கான கட்-ஆஃப், அதாவது பேட்டரியிலிருந்து எடுப்பதை இன்வெர்ட்டர் நிறுத்தும் வோல்டேஜ், 42 வோல்ட்டை ஒட்டித்தான் கம்பெனியிலிருந்து வரும். நான்கு பேட்டரிக்கு அது 10.5 வோல்ட் வீதம், அதாவது ஏறக்குறைய முழுக் காலி. ஓய்வில் இருக்கும் லெட்-ஆசிட் பாதியில் இருந்தால் 12.2 வோல்ட் காட்டும், லோடு ஓடும்போது இன்னும் கொஞ்சம் இறங்கும். கட்-ஆஃபை 47, 48 வோல்ட்டுக்கு உயர்த்தினால்தான் அந்த ஐம்பது சதவீதம் உண்மையாகும். இன்ஸ்டால் செய்ய வருபவர் கிளம்பும் முன் இந்த எண்ணைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

சரி, மூன்று நாளுக்குப் பன்னிரண்டு டியூபுலரா, மூன்று லித்தியமா? மாமா கேட்ட கேள்வி அதுதான், ஆனால் நாட்களைப் பெருக்குவதிலேயே எனக்குத் தயக்கம். அந்தப் பெருக்கலில் மாடியில் இருக்கும் பேனல் மூன்று நாளும் ஒரு யூனிட்கூடத் தராது என்று ஒரு ஊகம் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு நான்கு யூனிட் சுமாருக்குத் தரும். ஐப்பசி கார்த்திகை மழை மூட்டத்தில் அது ஒன்று, ஒன்றரைக்கு வந்துவிடும், இருட்டிக் கொட்டும் நாளில் அரை யூனிட்தான். இருந்தாலும் பூஜ்யம் இல்லை. நான்கு பேனல், சுமார் 2.1 கிலோவாட். கொட்டும் முதல் நாளில் ஒரு யூனிட் வருகிறது, மூன்று குறைகிறது. இரண்டாம் நாள் மூட்டம் மட்டும், மூன்று யூனிட் வருகிறது, ஒன்று குறைகிறது. மூன்றாம் நாள் வெளிச்சம் வந்தால் கணக்கு நேராகிவிடும். மூன்று நாளில் மொத்தமாகக் குறைவது நான்கு யூனிட்தான், பன்னிரண்டு அல்ல! ஒரு லித்தியம் பேட்டரியில் எடுக்கக் கிடைப்பது 4.35. மயிரிழையில் தேறுகிறது. இன்னும் இரண்டு பேனல் சேர்த்து 3.2 கிலோவாட் ஆக்கினால் முதல் நாள் மட்டுமே இரண்டரை யூனிட் குறையும், அப்புறம் பேனலே வீட்டைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு பேனலுக்கும் ஸ்டாண்டுக்கும் முப்பதாயிரத்துச் சொச்சம் கேட்டார்கள். இரண்டாவது லித்தியம் பேட்டரி 1,10,000. நான் பேனல் பக்கம்தான் கை காட்டினேன்.

பெரிய பேட்டரிக்கு சின்ன பேனல் என்ற ஜோடி டியூபுலரில் என்ன செய்யும் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்தவன். 150 ஏஎச் டியூபுலர் நான்கு, மாடியில் ஒரே ஒரு கிலோவாட் பேனல், தினமும் இரவில் பேட்டரியில் ஓட்டம். பேனல் கொடுத்ததைப் பகல் லோடே பாதி எடுத்துக்கொண்டது. பேட்டரி ஒரு நாளும் நூறு சதவீதத்தைத் தொடவில்லை. லெட்-ஆசிட் முழுதாக நிரம்பாமலே நாட்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. இரண்டரை வருஷத்தில் இரவு பதினொரு மணிக்கே வீடு இருண்டது. மூடியைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சிப் பார்த்தேன். முழு சார்ஜில் 1.240-ஐத் தொட வேண்டிய மிதவை, பல செல்லில் 1.180-இல் நின்றது, ஒரு செல்லில் 1.150. திரையில் மட்டும் பேட்டரி ஃபுல் என்று பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சல்ஃபேட் படிந்த பேட்டரியில் வோல்டேஜ் சீக்கிரம் ஏறிவிடும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதனால் டியூபுலர் வைத்திருப்பவர்களுக்கு நூறு ரூபாய்ச் சொச்சத்து ஹைட்ரோமீட்டர்தான் நம்பகமான மீட்டர். செல்லுக்குச் செல் அளவு விலக ஆரம்பித்தால் கெடுகிறது என்று அர்த்தம்.

இதே கணக்கை மாமாவின் எட்டு டியூபுலருக்குப் போட்டுப் பாருங்கள். கரண்ட் இல்லாத இரண்டு நாளில் எட்டு யூனிட் இறங்கிவிட்டது. திரும்ப ஏற்ற, லெட்-ஆசிட்டில் வீணாவதையும் சேர்த்துப் பத்து யூனிட் வேண்டும். நான்கு பேனல் நல்ல வெயிலில் எட்டு யூனிட் தரும், அதில் நான்கு வீட்டுக்குப் போகும். இரண்டரை நாள் பளிச்சென்ற வெயில் வேண்டும், கடைசி இருபது சதவீதம் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் இன்னும் கூட. நவம்பரில் அது எங்கே கிடைக்கும்? கரண்ட் வந்துவிட்டால் கரண்டே நிரப்பிவிடும், உண்மை. ஆனால் மாமா பேட்டரி வாங்குவதே கரண்ட் வாரக்கணக்கில் வராத நாளுக்காக. லித்தியம் பாதியில் கிடந்தால் கெடாது, ஏற்றுவதில் வீணாவதும் சில சதவீதம்தான்.

விலையில் டியூபுலர் முந்துகிறது, அதை மறைக்கக் கூடாது. எங்களுக்குச் சொன்ன விலையில் 200 ஏஎச் ஒன்று 20,000. நான்கு 80,000, எடுக்கக் கிடைப்பது 4.8 யூனிட். லித்தியம் 1,10,000-க்கு 4.35 யூனிட். ஒரு யூனிட்டுக்கு டியூபுலர் 17,000-க்குள், லித்தியம் 25,000 சுமார். எப்போதாவது இரண்டு மணி நேரம் கரண்ட் போகும் டவுன் வீடு, இரண்டு ஃபேனும் நாலு லைட்டும் ஓடினால் போதும், மற்ற நேரமெல்லாம் கரண்ட் பேட்டரியை நிரப்பியே வைத்திருக்கும் என்றால், டியூபுலர்தான் நான் சொல்வேன். மாதத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தைப் பார்க்கவும், வாயு வெளியேறக் காற்றோட்டமான இடத்தில் வைக்கவும் ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் மட்டும் வைக்காதீர்கள். வெப்பம் பத்து டிகிரி கூடினால் லெட்-ஆசிட்டின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

தினமும் இரவில் பேட்டரியில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கதை மாறுகிறது. பாதி வரை இறக்கினால் டியூபுலர் ஏறக்குறைய 1,500 தடவை தாங்கும், தினமும் ஒரு தடவை என்றால் நான்கு வருஷம். லித்தியம் மூவாயிரத்துக்கு மேல் தாங்கும். எட்டு வருஷத்தில் டியூபுலரை இரண்டு முறை வாங்கியிருப்பீர்கள்.

லித்தியத்துக்கும் வம்பு உண்டு. அந்தப் பெட்டிக்குள் பேட்டரியைக் காவல் காக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட் எவ்வளவு ஆம்பியர் விடும் என்று கேளுங்கள். 50 ஆம்பியர் மட்டும் என்றால் இரண்டரை கிலோவாட்டுக்கு மேல் போகாது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். பிஎம்எஸ் உடனே கட் செய்யும், மொத்த வீடும் இருட்டாகும், பேட்டரி பழுது என்று தோன்றும். அடுத்தது, லித்தியத்தின் வோல்டேஜ் பெரும்பாலான நேரம் அசையாமல் 52, 53-லேயே நிற்கும். வோல்டேஜை வைத்து சதவீதம் காட்டும் இன்வெர்ட்டர் பொய்தான் காட்டும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே தகவல் கேபிள் போட்டு, பிஎம்எஸ் சொல்லும் எண்ணைத் திரையில் வர வைக்க வேண்டும்.

மாமா கடைசியில் லித்தியம் ஒன்று, பேனல் ஆறு, பிஎல்டிசி ஃபேன் மூன்று என்று முடிவெடுத்தார். மூன்று நாளைக்குத் தாங்கும் மொத்த பேட்டரி வாங்காததில் அவருக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது, நியாயமான கேள்வி: "பேனலே பறந்துபோச்சுன்னா?" கஜா மாதிரி காற்று வந்தால் நடக்கக்கூடியதுதான். அன்றைக்கு ஃபிரிட்ஜையும் டிவியையும் விட்டுவிட்டு இரவுக்கு மட்டும் கணக்குப் போட்டோம். இரண்டு ஃபேன், நாலு லைட், போன், எல்லாம் 0.8 யூனிட்டுக்குள். இழப்போடு 0.87. இன்வெர்ட்டரைப் பகலில் சுவிட்சிலேயே அணைத்து வைத்தால் அது சும்மா குடிப்பதும் அரை யூனிட்தான். ஓர் இரவுக்கு 1.35 சுமார். அதே ஒரு பெட்டி மூன்று இரவு தாங்கும். இன்சுலினை அந்த நாட்களில் ஈரத்துணி சுற்றிய மண்பானையில் வைக்கலாம் என்று அத்தையின் டாக்டரே சொல்லியிருக்கிறார்.

இதற்கு ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: புயல் வரும் அன்று பேட்டரி நிரம்பி இருக்க வேண்டும். திரையில் SBU என்ற முறையில் விட்டால் தினமும் இரவில் பேட்டரியைக் குடித்துவிட்டுத்தான் இன்வெர்ட்டர் கரண்டுக்குப் போகும், விடிகாலை நான்கு மணிக்குக் காற்று அடித்தால் கையில் கால்வாசிதான் இருக்கும். அதனால் அக்டோபர் முதல் தேதியிலிருந்து பொங்கல் வரை 80 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் கரண்டுக்கு மாறும்படி செட்டிங் வைத்தேன். எப்படி மாற்றுவது என்பதை அத்தை மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.